வலது இடுப்பு வலிக்கு இடது கையில் தடி

வலது இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி, வலது கையில் தடியை ஊன்றிக்கொண்டு வருகிறவர்கள்தான் என் சிகிச்சை அறைக்கு அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வலிக்கிற காலுக்குப் பக்கத்தில் இன்னொரு காலைக் கொடுத்தால் பாரம் பாதியாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தடி விற்கும் மருந்துக்கடைக்காரர் கைப்பிடியின் நிறத்தைக் கேட்பார், உயரத்தைக்கூடச் சில நேரம் கேட்பார். எந்த இடுப்பு என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

இயன்முறை மருத்துவனான நான் தடியைக் கை மாற்றிக் கொடுக்கும்போதெல்லாம் எதிர்ப்பு வரும். பெரும்பாலும் அது மௌனமான எதிர்ப்பு. எனக்கு முன்னால் இடது கையில் பிடித்து நடந்து காட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் வலது கைக்கு மாற்றிவிடுவார்கள். வாய் திறந்து சண்டை போட்டவர் ஒரு கணக்கு ஆசிரியை. ஓய்வுபெற்றவர், அறுபது கிலோ எடை, வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். "வலி இந்தப் பக்கம், தடி அந்தப் பக்கமா? என்ன நியாயம் தம்பி இது?" என்றார். நான் சொன்ன முதல் இரண்டு வாக்கியங்களை அவர் ஏற்கவில்லை. மேசையிலிருந்த சீட்டைத் தன் பக்கம் இழுத்து, "எண்ணைச் சொல்லுங்கள், நான் போட்டுப் பார்க்கிறேன்" என்றார். கீழே வருவது அன்று அந்தச் சீட்டில் போட்ட கணக்குதான். எளிமைக்காக விசைகளைக் கிலோ எடையிலேயே சொல்கிறேன். இயற்பியல் படித்தவர்கள் நியூட்டனாக மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் மூட்டைப் பார்த்துவிடுவோம். தொடை எலும்பின் மேல்முனை பந்து போல உருண்டிருக்கிறது. இடுப்பெலும்பின் வெளிப்பக்கத்தில் உள்ள கிண்ணத்துக்குள் அந்தப் பந்து உட்கார்ந்து சுழல்கிறது. பந்துக்கும் தொடை எலும்பின் தண்டுக்கும் நடுவே சரிவான ஒரு கழுத்து. கழுத்து தண்டோடு சேரும் இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு முண்டு துருத்தி நிற்கிறது. ஒருக்களித்துப் படுக்கும்போது தரையில் அழுந்துமே, அந்த எலும்புதான். இடுப்பெலும்பின் வெளிப்புறத்திலிருந்து விசிறியாகக் கிளம்பி இந்த முண்டில் வந்து பற்றும் தசைகளுக்கு விலக்குத் தசைகள் என்று பெயர். அவற்றில் குளூட்டியஸ் மீடியஸ், குளூட்டியஸ் மினிமஸ் இரண்டும் முக்கியமானவை. காலைப் பக்கவாட்டில் விலக்கித் தூக்குவது இவற்றின் வேலை என்று பாடப்புத்தகம் சொல்லும். நாள் முழுக்க அவை செய்வது வேறு வேலை. நாம் ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு கணமும், இடுப்பெலும்பு மறுபக்கம் சரிந்துவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பவை இவைதான்.

ஒற்றைக் காலில் நாம் எப்போது நிற்கிறோம் என்று கேட்கலாம். நடக்கும்போதெல்லாம் நிற்கிறோம். ஒரு கால் காற்றில் முன்னே வீசப்படும் நேரம் முழுக்க உடல் மற்றக் காலின் மேல்தான் இருக்கிறது. ஒரு முழு அடிச் சுற்றில் ஏறக்குறைய 40 சதவீத நேரம் வலது கால் தனியாகத் தாங்குகிறது, இன்னொரு 40 சதவீதம் இடது கால். இரண்டு பாதங்களும் தரையில் இருப்பது மிச்சமுள்ள சிறிய இடைவெளியில் மட்டும்.

இனி ஆசிரியையின் கணக்கு. இரண்டு காலிலும் சமமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால் உடல் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 கிலோ. கால்களின் எடை இடுப்பு மூட்டுக்குக் கீழே இருப்பதால் அது மூட்டின் மேல் ஏறாது. மிச்சம் 40 கிலோ. தசைகள் ஏறக்குறைய ஓய்வில் இருந்தால் ஆளுக்குப் பாதியாக ஒவ்வொரு மூட்டுக்கும் 20 கிலோ.

இப்போது இடது காலைத் தூக்குகிறார். வலது மூட்டின் மேல் இருப்பது வலது காலைத் தவிர்த்த மொத்த உடல், அதாவது 50 கிலோ. மூட்டில் 50 கிலோதானே ஏறும் என்றால் இல்லை. அந்த 50 கிலோவின் மையம் மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உடலின் நடுக்கோட்டைத் தாண்டிச் சற்று இடப்புறமாக, தூக்கிய இடது காலின் எடையும் சேர்ந்து, வலது மூட்டிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே உடல் இடப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க மூட்டின் வெளிப்பக்கத்தில் விலக்குத் தசைகள் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அவற்றின் இழுவைக் கோடு மூட்டு மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் போகிறது. சீசாப் பலகையில் ஆதாரத்துக்கு அருகே உட்கார்ந்தவரும் தூரத்தில் உட்கார்ந்தவரும் சமநிலைக்கு வருவது போலத்தான் இதுவும்: விசையைத் தூரத்தால் பெருக்கினால் வரும் திருப்புத்திறன் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

உடலின் பக்கம் 50 × 10 = 500. தசையின் பக்கம் தூரம் 5. ஆகவே தசை 100 கிலோ விசையோடு இழுத்தாக வேண்டும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. உடல் எடையும் கீழ்நோக்கி அழுத்துகிறது, தசையும் இடுப்பெலும்பைக் கீழ்நோக்கித்தான் இழுக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தாங்குவது நடுவில் இருக்கும் பந்து. 50 கூட்டல் 100, மொத்தம் 150 கிலோ. அறுபது கிலோ பெண்மணியின் ஒற்றை மூட்டில், அவருடைய எடையைப் போல் இரண்டரை மடங்கு.

ஆசிரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் அந்த எண்ணையே பார்த்தார். "அப்படியானால் என் எடை இல்லை, என் தசைதான் என் மூட்டை நசுக்குகிறது" என்றார். பாடம் நடத்தி முடிக்கும் முன்பே மாணவர் கடைசி வரியைச் சொன்னால் ஆசிரியர்களுக்கு வருகிற எரிச்சல் அன்று எனக்கு வந்தது.

தசை சாய்வாக இழுக்கிறது, அது ஒரே கோட்டிலும் இழுப்பதில்லை என்பதையெல்லாம் சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும். ஆனாலும் இந்த எளிய கணக்கு உண்மைக்கு வியப்பூட்டும் அளவுக்கு அருகில் வருகிறது. ஜெர்மனியின் ஆகன் நகரில் இருந்த எலும்பு அறுவை மருத்துவர் பிரீட்ரிக் பாவெல்ஸ் 1930களில் இந்த நெம்புகோல் வழியைக் கொண்டு இடுப்பை ஆராய்ந்தார். அப்போது அது தாளில் போட்ட கணக்குதான். உயிருள்ள மனிதரின் மூட்டுக்குள் அளந்து பார்க்க வழியில்லை. பிற்பாடு பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே உணரிகளை வைத்துப் பொருத்தி, நோயாளிகள் நடக்கும்போதே மூட்டின் விசையை வானொலி அலை மூலம் வாங்கிப் பதிந்தார்கள். 2001இல் அவர்கள் வெளியிட்ட அளவுகளின்படி, மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும்போது மூட்டில் ஏறும் உச்ச விசை சராசரியாக உடல் எடையில் 238 சதவீதம். படி ஏறும்போது 251, இறங்கும்போது 260. ஆசிரியையின் எடைக்கு நடையின் உச்சம் சுமார் 143 கிலோ. சீட்டில் போட்ட 150 அவ்வளவு மோசமில்லை. தற்செயலாகக் கால் தடுக்கித் தடுமாறிய ஒரு கணத்தில் எடையைப் போல் எட்டு மடங்குக்கும் மேல் அதே குழுவின் கருவிகளில் பதிவாகியிருக்கிறது. விழாமலே தடுமாறினாலும் மூட்டு அன்றிரவு வலிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

இப்போது அவருடைய நொண்டலுக்கு வருவோம். வலது கால் தரையில் இருக்கும் நேரத்தில் அவர் உடம்பை வலப்பக்கமாகவே சாய்த்துப் போட்டு நடந்தார். பார்ப்பவர்களுக்கு அது முரண்: வலிக்கிற பக்கத்தின் மேலேயே போய் ஏன் சாய வேண்டும்? வலி இல்லாத பக்கம் சாய்வதுதானே இயல்பு? கணக்கு வேறு சொல்கிறது. வலப்பக்கம் சாய்ந்ததும் உடல் எடையின் மையம் மூட்டை நெருங்கி வருகிறது. 10 சென்டிமீட்டர் 6 ஆகக் குறைந்தால் 50 × 6 = 300, தசைக்கு 60 கிலோ போதும், மூட்டில் மொத்தம் 110. ஒரு சாய்வில் 40 கிலோ மிச்சம். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வலி சொல்லித் தந்தது.

சாயாமல் நடப்பவர்களிடம் வேறொன்று தெரியலாம். தசை பலவீனமாக இருந்து 100 கிலோ இழுக்க முடியாவிட்டால், நிற்கும் காலுக்கு எதிர்ப்பக்க இடுப்பு கீழே தொங்கும். வலது காலில் நின்றால் இடது இடுப்பு இறங்கும். பிறவியிலேயே இடுப்பு நழுவிய பிள்ளைகளின் நடையைக் கவனித்து, 1895இல் பிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதற்குக் காரணம் விலக்குத் தசைகள்தான் என்று எழுதினார். இன்றும் அந்தப் பரிசோதனை அவர் பெயரில்தான் நடக்கிறது. நோயாளியை ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்போம். இடுப்பின் இரு பக்கமும் கிடையாக நின்றால் தசை வேலை செய்கிறது. எதிர்ப்பக்கம் இறங்கினாலோ, இறங்காமலிருக்க நெஞ்சை நிற்கும் காலின் மேல் சாய்த்துக்கொண்டாலோ, தசையோ மூட்டோ முடியவில்லை என்று பொருள்.

சாய்ந்து நடப்பது மலிவான தீர்வு, ஆனால் இலவசம் இல்லை. ஒவ்வோர் அடிக்கும் முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து நிமிர்கிறது. சில மாதங்களில் இடுப்பு வலிக்காரர் முதுகு வலிக்காரராகவும் ஆகிவிடுகிறார். சாயாமலே அந்த நிவாரணம் வேண்டுமென்றால் வேறெங்கிருந்தாவது எதிர்த் திருப்புத்திறன் வர வேண்டும். அதற்குத்தான் தடி.

தடியை இடது கையில் பிடிக்கிறார். இடது கை வலது இடுப்பு மூட்டிலிருந்து எவ்வளவு தூரம்? நான் ஒரு டேப்பை வைத்துக் காட்டினேன்: மூட்டு மையத்திலிருந்து உடலின் குறுக்கே இடது கைப்பிடி வரை கிடையாக ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். தடியை அவர் 6 கிலோ விசையோடு கீழே அழுத்துகிறார் என்று கொள்வோம். தரை தடியின் வழியே 6 கிலோவை மேலே திருப்பித் தருகிறது. உடல் இடப்பக்கம் கவிழப் பார்க்கிறது. இடப்பக்கத்தில் 40 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கை அதை மேலே தாங்குகிறது. 6 × 40 = 240. கவிழ்க்கும் 500இலிருந்து 240 போனால் 260. தசைக்கு மிச்சம் 260 ÷ 5 = 52 கிலோ. மூட்டில் இப்போது 50 கிலோ உடல், அதில் தடி தாங்கிய 6 கழிவு, தசையின் 52 கூட்டல். மொத்தம் 96.

150 கிலோ 96 ஆகிவிட்டது. கையால் கொடுத்தது 6 கிலோ, மூட்டில் குறைந்தது 54 கிலோ. ஆசிரியை இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்து, அந்த 54ஐப் பிரித்துப் பார்த்தார். அதில் 6 கிலோதான் தடி நேரடியாகச் சுமந்த பாரம். மீதி 48 கிலோ, தசை இழுக்காமல் விட்ட இழுவை. எதிர்க்கையில் பிடித்த தடிக்கு முழுப் பெருமையும் இந்த 48இல்தான் இருக்கிறது. தசைக்கு 5 சென்டிமீட்டர் தூரம், கைக்கு 40 சென்டிமீட்டர். ஆகவே கை கொடுக்கும் ஒவ்வொரு கிலோவும் தசையின் எட்டு கிலோவை விடுவிக்கிறது. தடியை மூன்றாவது கால் என்று நினைப்பவர்கள் அந்த 6ஐ மட்டும் பார்க்கிறார்கள்.

"சரி, வலது கையில் பிடித்தால்?" என்று அவரே கேட்டார். வலது கை மூட்டுக்கு வெளிப்பக்கம், சுமார் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 6 கிலோ மேல்நோக்கித் தள்ளினால் உடல் எந்தப் பக்கம் திரும்பும்? இடப்பக்கம். ஏற்கெனவே கவிழப் பார்க்கும் அதே பக்கம். 6 × 20 = 120 கழிவதற்குப் பதிலாகக் கூடுகிறது. 620 ÷ 5 = 124 கிலோ தசைக்கு. மூட்டில் 44 கூட்டல் 124, ஆக 168. தடி இல்லாமல் நிமிர்ந்து நடந்தபோது 150 இருந்தது. உதவிக்கு வாங்கிய தடி 18 கிலோவை ஏற்றிவிட்டது.

ஆனால் வலது கையில் பிடித்தபோது வலி குறைந்தது என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. வலது கையில் தடி இருந்தால் அதன் மேல் சாய்வது எளிது. அவர் சாய்ந்துதான் நடந்தார். நிவாரணம் சாய்விலிருந்து வந்தது, பெயர் தடிக்குப் போனது. தடியின் மேலேயே முழு உடம்பையும் போட்டு, எடையின் மையம் மூட்டையே தாண்டி வலப்பக்கம் போய்விடும் அளவுக்குச் சாய்ந்தால், அப்போது வலது கைத் தடி முட்டுக்கொடுத்துத் தாங்கும்தான். அந்த அளவுக்கு ஆடி ஆடி நடக்க வேண்டியிருக்கும். எதிர்க்கையில் தடி பிடித்தால் நிமிர்ந்து நடந்துகொண்டே அதைவிட அதிகம் கிடைக்கிறது. நடக்கும்போது வலது காலோடு இடது கை முன்னே வருவதுதான் இயல்பு என்பதால் நடையின் தாளமும் கெடுவதில்லை.

கணக்கில் கிடைக்கும் இந்த 36 சதவீதம் நடைமுறையில் அப்படியே கிடைத்துவிடாது. உணரி பொருத்திய மூட்டுகளில் அளந்தபோது ஊன்றுகோலால் வந்த குறைவு தாள் கணக்கைவிடச் சிறியதாகத்தான் இருந்திருக்கிறது. நோயாளிகளைப் பார்த்துவருகிற எனக்கு இரண்டு காரணங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, தடியை யாரும் போதிய அளவு அழுத்துவதில்லை. தரையைத் தொட்டும் தொடாமலும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார்கள். 6 கிலோ அழுத்தம் என்பது எவ்வளவு என்று கைக்குத் தெரிய வேண்டும். அதற்கு வீட்டிலுள்ள எடை பார்க்கும் கருவியே போதும். தரையில் அதை வைத்து, பக்கத்தில் நின்று, தடியின் நுனியை அதன் மேல் ஊன்றி, முள் ஆறைத் தொடும்வரை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆசிரியை முதலில் அழுத்தியபோது முள் இரண்டைத்தான் தொட்டது. இரண்டு கிலோவுக்குக் கணக்குப் போட்டால் மூட்டில் 132. பரவாயில்லை, ஆனால் 96 எங்கே, 132 எங்கே. துணைக்கு ஒருவர் அருகில் நிற்க, சமையல் மேடையையோ சுவரையோ மறுகையால் பிடித்துக்கொண்டு இதைச் செய்வது நல்லது.

இரண்டாவது காரணம் நேரம். நடக்கும்போது மூட்டின் விசை ஒரே மேடாக எழுவதில்லை. குதிகால் தரையைத் தொட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு முகடு, பாதம் தரையை விட்டுக் கிளம்புமுன் இன்னொரு முகடு. தடி தாமதமாக வந்தால் முதல் முகட்டை மூட்டு தனியாகவே தாங்கிவிட்டிருக்கும். வலது குதிகால் தரையைத் தொடும் அதே கணத்தில் இடது கைத் தடியும் தொட வேண்டும், வலது கால் தரையில் இருக்கும்வரை அழுத்தம் இருக்க வேண்டும். சரியாக நடக்கிறாரா என்று நான் கண்ணை மூடிக்கொண்டுதான் சோதிப்பேன். சிமென்ட் தரையில் செருப்பும் தடியும் ஒரே சத்தமாகக் கேட்டால் சரி. அடுத்தடுத்து இரண்டு சத்தம் கேட்டால் தடி பிந்துகிறது.

உயரம் தவறினால் இது எதுவும் நடக்காது. வழக்கமாக நடக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும். பிடித்து நிற்கும்போது முழங்கை 20 முதல் 30 பாகை மடங்கியிருக்கும். தடி நீளமாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், அழுத்த முடியாது. குட்டையாக இருந்தால் அந்தப் பக்கமே குனிய வேண்டிவரும். நுனியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பானதும் மாற்றிவிட வேண்டும். ஈரக் குளியலறைத் தரையில் நான் பார்த்த வழுக்கல்களுக்குத் தேய்ந்த ரப்பர் ஒரு வாடிக்கையான காரணம். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் வலிக்கிற காலும் முதலில்.

கணக்கு பிடித்துப்போனதால் ஆசிரியை அதைச் சந்தைக்கும் கொண்டுபோனார். காய்கறிப் பையை எந்தக் கையில் பிடிப்பது? இதுவரை இடது கையில்தான் பிடித்துவந்தார், வலிக்கிற பக்கம் சுமக்கக் கூடாது என்று. ஐந்து கிலோ பை இடது கையில் தொங்கினால், மூட்டிலிருந்து 40 சென்டிமீட்டரில், கவிழ்க்கும் பக்கத்திலேயே 200 கூடுகிறது. 700 ÷ 5 = 140. மூட்டில் 55 கூட்டல் 140, அதாவது 195 கிலோ. ஐந்து கிலோ கத்தரிக்காய்க்கு மூட்டு 45 கிலோ அதிகம் கொடுக்கிறது. அதே பையை வலது கையில் தொங்கவிட்டால் 5 × 20 = 100 கழிகிறது. 400 ÷ 5 = 80, மூட்டில் 135. பையோடு நடப்பது வெறுங்கையோடு நடப்பதைவிட மூட்டுக்கு இலகுவாகிறது. யாருக்கும் நம்பிக்கை வராத முடிவு இது. மனிதர்கள் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டுவதால் உண்மையில் இந்த வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனால் எந்தப் பக்கம் என்பது மாறாது. பை வலிக்கிற பக்கத்துக் கையில், தடி மறுகையில். குடத்தை இடுப்பில் வைக்கும் பெண்களுக்கும் இதே விதிதான். வலது மூட்டில் நோய் இருப்பவர் இடது இடுப்பில் குடம் வைப்பதுதான் இருப்பதிலேயே கெட்ட ஏற்பாடு. பையில்லாமலே போக முடிந்தால் அதுவே மேல் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாரம் முழங்காலுக்கும் பாதத்துக்கும் சலுகை தராது.

எடை குறைப்பதன் பயனும் இதே சீட்டில் தெரிகிறது. உடல் எடையில் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மூட்டில் ஒவ்வோர் அடியிலும் இரண்டரை கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைத்தால் பன்னிரண்டரை. தடி ஒரே நாளில் தருவதைவிட இது சிறியது, ஆனால் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகும்போதும் கூடவே வருவது.

இத்தனை கணக்கிலும் தசையின் தூரத்தை 5 சென்டிமீட்டர் என்று நிலையாக வைத்திருந்தோம். அது எல்லோருக்கும் 5 இல்லை. தொடை எலும்பின் கழுத்து நிமிர்ந்து செங்குத்தாக இருப்பவர்களுக்கு முண்டு மூட்டின் அருகிலேயே இருந்துவிடும், தூரம் குறையும். அது 4 ஆனால் தசை 125, மூட்டு 175. ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோ. இந்த ஒரு சென்டிமீட்டரைத்தான் அறுவை மருத்துவர்கள் மூட்டு மாற்றும்போது துரத்துகிறார்கள். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960களின் தொடக்கத்தில் தன் செயற்கை மூட்டை வடிவமைத்தபோது இதே நெம்புகோல்தான் அவர் மனதில் இருந்தது. கிண்ணத்தை உட்பக்கமாகத் தள்ளிப் பதித்தார். தசை பற்றியிருக்கும் முண்டை வெட்டியெடுத்து வெளிப்பக்கமாகத் தள்ளிக் கட்டினார். உடலின் தூரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்து 9, தசையின் தூரம் ஒன்று கூடி 6 என்று வைத்தால் 450 ÷ 6 = 75, மூட்டில் 125. முண்டை வெட்டும் வழக்கம் பிற்பாடு பெரும்பாலும் போய்விட்டது, வெட்டிய எலும்பு கூடாமல் போவதும் கம்பி அறுந்துபோவதும் அதில் உண்டு. இன்று தண்டுக்கும் பந்து மையத்துக்கும் இடையிலுள்ள கிடைத் தூரத்தை ஆஃப்செட் என்று அளந்து, அது குறையாதபடி செயற்கை மூட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அறுவைக்குப் பிறகு காலின் நீளம் சரியாக இருந்தும் நொண்டல் போகவில்லை என்று வருகிறவர்களின் எக்ஸ்ரேயில் நான் முதலில் பார்ப்பது இந்தத் தூரத்தை.

அமெரிக்காவின் மில்வாக்கியில் எலும்பு மருத்துவராக இருந்த வால்டர் பிளவுண்ட் 1956இல் தடிக்காக வாதாடியே ஒரு கட்டுரை எழுதினார். நோயாளிகள் கௌரவம் பார்த்துத் தடியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். நம்மூரில் கௌரவத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இடது கையில் தடி பிடித்து நான்கு பேர் நடுவே போவது மரியாதையில்லை என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். அவருக்கு நான் மருத்துவம் பேசவில்லை. வலது இடுப்பு கெட்டவருக்கு வலது கை காலியாக இருக்கிறது, பணம் கொடுக்கலாம், விபூதி வாங்கலாம், வணக்கம் சொல்லத் தடியை அக்குளில் இடுக்க வேண்டியதில்லை என்றேன். அது வேலை செய்தது. இடது இடுப்பு கெட்டவர்களிடம் இந்த வாதம் செல்லாது என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஏற்கெனவே தடியை வலது கையில் பிடித்துச் சரியாகவே நடக்கிறார்கள், காரணம் தெரியாமல்.

தடி உதவாத இடங்களும் உண்டு. இரண்டு இடுப்பும் சம அளவில் கெட்டிருந்தால் எதிர்ப்பக்கம் என்று ஒன்று இல்லை. இரண்டு தடியோ வாக்கரோ வேண்டும். எதிர்ப்பக்கத் தோளோ மணிக்கட்டோ வலியில் இருந்தால் 6 கிலோவை அங்கே கேட்பது அநியாயம். வயதானவர் விழுந்த பிறகு இடுப்பருகே, தொடையிடுக்கில் வலித்துக் காலை ஊன்றவே முடியவில்லை என்றால் அது தடியைக் கை மாற்றிப் பார்க்கும் நேரமில்லை. தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

ஆசிரியைக்குப் பிறகு மூட்டு மாற்று அறுவை நடந்தது. அறுவைக்கு முன் தடி பிடித்தது நோயுற்ற எலும்புக்காக. பின் பிடித்தது வெட்டுப்பட்டு ஓய்ந்திருந்த தசைக்காக. வலி போனதும் தடியை விட்டுவிடலாமா என்று கேட்டார். வலி அதற்கு அளவுகோல் இல்லை என்றேன். கண்ணாடி முன் வலது காலில் அரை நிமிடம் நின்று, இடது இடுப்பு இறங்காமலும் நெஞ்சு வலப்பக்கம் சாயாமலும் இருந்தால் விடலாம். முதல் முறை நின்றபோது பதினைந்து எண்ணுவதற்குள் இடுப்பு இறங்கியது. இன்னும் கொஞ்ச நாள் இடது கையிலேயே பிடிக்கச் சொன்னேன். ஒருக்களித்துப் படுத்துக் காலைப் பக்கவாட்டில் தூக்கும் பயிற்சியையும், ஒரு காலில் நின்று இடுப்பைக் கிடையாக வைத்திருக்கும் பயிற்சியையும் கூடவே எழுதிக் கொடுத்தேன்.